கழிவு உண்டு, பயன் இல்லை

மாற்றுத்திறனாளிகளுக்கான நலச் சுற்றறிக்கைகளில் சான்றிதழ், சலுகைகள், வரிக்கழிவு ஆகிய மூன்றும் வரிசையாக இடம்பெறுகின்றன. முதலிரண்டைப் பற்றிய விளக்கம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. மருத்துவ அதிகாரி குறைந்தது 40 விழுக்காட்டுக் குறைபாட்டைச் சான்றளித்தால் சலுகைகளுக்கான வாயில் திறக்கிறது. மூன்றாவதில்தான் ஒரு மௌனம் நிலவுகிறது.

2025-26 நிதியாண்டு வரை நடைமுறையிலிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவு, குறைபாடுள்ள ஊழியருக்கு 75,000 ரூபாயும், குறைபாடு 80 விழுக்காட்டை எட்டினால் 1,25,000 ரூபாயும் கழிவாக அளித்தது. செலவுச் சீட்டு எதையும் காட்ட வேண்டியதில்லை. ஆயினும் இக்கழிவு பழைய வரிமுறைக்கு மட்டுமே உரியது.

ஆண்டுக்கு 15 லட்சம் ஊதியம் பெறும், 50 விழுக்காட்டுப் பார்வைக் குறைபாடுடைய ஓர் உதவிப் பேராசிரியரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வேறு கழிவுகள் இல்லை. 2025-26 நிதியாண்டில் பழைய முறையில், 80யு கழிவுக்குப் பின்னரும் அவர் செலுத்த வேண்டிய வரி 2,34,000 ரூபாய். புதிய முறையில் அது 97,500 ரூபாய். அவர் புதியதையே தேர்வார்; அங்கே குறைபாடற்ற சக ஊழியரும் அதே 97,500 ரூபாயையே செலுத்துகிறார். உதவியாளர், வாகனம், கருவி என அவர் கூடுதலாகச் செய்யும் செலவைச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை.

பார்வையற்ற ஊழியருக்கும், கால் இயக்கக் குறைபாடுடைய ஊழியருக்கும் வழங்கப்படும் போக்குவரத்துப் படியில், 2025-26 நிதியாண்டில் மாதம் 3,200 ரூபாய் வரையிலான வரிவிலக்கு மட்டும் புதிய முறையிலும் தொடர்ந்தது. சுற்றறிக்கை முதலில் சொல்ல வேண்டியது இதையே. சட்டம் செய்ய வேண்டியதோ குறைபாட்டுக் கழிவைப் புதிய முறைக்கும் கொண்டுவருவது.