கவிதை கேட்கட்டும், இசை கொஞ்சம் ஒதுங்கட்டும்

தரம் 10 மாணவி ஒருத்தி, கட்டாரில் வேலை செய்யும் தன் வாப்பாவுக்காக ஒரு கவிதை எழுதினாள். அதைக் காணொளியாக்கிக் கொடுத்தது நாங்கள்தான். வகுப்பறையில் ஒலிவாங்கி முன் நிறுத்தி வாசிக்க வைத்தோம். புல்லாங்குழல் இசை சேர்த்தோம், குரலுக்கு எதிரொலியும் போட்டோம். பலர் பகிர்ந்தார்கள். அவளுடைய வாப்பாவும் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பியிருந்தார்: "மியூசிக் நல்லாரிக்கி மகள்."

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாங்கள் செய்த பிழை எங்களுக்கு உறைத்தது. அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம்.

முதல் பிழை குரலில். பாவோதல் போட்டிக்கும் கவியரங்குக்கும் நாம் பிள்ளைகளைப் பழக்குவது, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஓங்கிச் சொல்லத்தான். மேடைக்கு அது சரி. போனில் கேட்பவரோ காதுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அங்கே அதே குரல் அதட்டுவது போல இருக்கிறது. வீட்டில் "வாப்பா" என்று கூப்பிடும் பிள்ளை, பதிவில் அறிவிப்பாளர் மாதிரி "வாப்பா" என்றால் அது யாருடைய வாப்பாவோ ஆகிவிடுகிறது.

இரண்டாவது பிழை நிறுத்தத்தில். அவள் எழுதியிருந்தது இப்படி:

பெருநாளைக்கு வந்த பெட்டியில்
எல்லாம் இருந்தது நீங்கள்
மட்டும் இல்லை

வரி முடியும் இடமெல்லாம் நிறுத்தி வாசித்தாள். "எல்லாம் இருந்தது நீங்கள்" என்று கேட்டால் யாருக்கு என்ன விளங்கும்? நிறுத்த வேண்டிய இடம் "இருந்தது" என்ற சொல்லுக்குப் பின். தாளில் வரி பிரிவது கண்ணுக்காக. காதுக்குப் பொருள் பிரியும் இடம்தான் வேண்டும்.

மூன்றாவதும் பெரியதுமான பிழை பின்னணி ஒலி. புல்லாங்குழலும் வயலினும் மனிதக் குரலின் உயரத்திலேயே ஒலிப்பவை. அதனால் அவை சொற்களின் மேலேயே வந்து உட்காருகின்றன. எதிரொலி இன்னும் மோசம். "பட்டம்" என்று சொல்லிப் பாருங்கள். "ட்ட" வரும் இடத்தில் நாக்கு அண்ணத்தை அடைத்து, சத்தம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. "பட்டம்" வேறு, "படம்" வேறு என்று காட்டுவதில் அந்தச் சின்ன மௌனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எதிரொலி அந்த மௌனத்தை நிரப்பிவிடுகிறது. குறில் நீண்டு நெடில் போலக் கேட்கத் தொடங்குகிறது. போதாததற்கு வாட்ஸ்அப்பில் போகும்போது ஒலி சுருக்கப்படுகிறது. குரலும் இசையும் ஒன்றாய்க் குழைந்து போகின்றன.

எனவே அதே கவிதையைத் திரும்பவும் பதிந்தோம். இம்முறை அவளுடைய வீட்டில், உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து, மெத்தை உள்ள அறையில். வகுப்பறையின் சீமெந்துச் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், துணி அதை விழுங்கும். மின்விசிறியை நிறுத்தினோம். போனை விமான நிலையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டாக வைத்தோம். நேரே வைத்தால் "ப" வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். தாளில் சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, பெரிய நிறுத்தத்துக்கு இரண்டு கோடு போட்டாள். கவிதையை முதலில் உம்மாவிடம் கதை போலச் சொல்லச் சொன்னோம். அந்தக் குரல் ஆறும் முன்பே மூன்று தடவை பதிந்தோம். எடுத்துக்கொண்டது இரண்டாவது. முதல் பதிவு 48 வினாடி, இது 1 நிமிடம் 20 வினாடி. ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பின்னணிக்கு, அவள் கவிதையில் வரும் மழையைத் தகரக் கூரையில் தனியாகப் பதிந்தோம். தொடக்கத்தில் நான்கு வினாடி, முடிவில் கொஞ்சம். நடுவில் குரல் மட்டும். படமும் ஒன்றுதான்: அந்தப் பெட்டி. எழுத்தைத் திரையில் போடவில்லை. போட்டால் கண் முந்தி வாசித்துவிடும், காது காத்திருக்காது.

"மியூசிக் இல்லாட்டி யார் கேட்பாங்க?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், இசையோடு போட்டால் கூடப்பேர் பார்க்கக்கூடும். ஆனால் பார்த்தவர்களில் எத்தனை பேரால் ஒரு வரியையாவது திருப்பிச் சொல்ல முடியும்? நாங்கள் இப்போது வைத்திருக்கும் சோதனை இதுதான். கவிதையை முன்பு வாசிக்காத ஒருவரிடம் போனைக் கொடுக்கிறோம். ஹெட்செட் இல்லாமல், குறைந்த சத்தத்தில் ஒரு தடவை கேட்கச் சொல்கிறோம். எந்தச் சொல் பிடிபடவில்லை என்று கேட்கிறோம். அவர் சொல்லும் இடத்தைத் திருத்தும் வரை பதிவேற்றுவதில்லை.

இரண்டாவது பதிவுக்கு அவளுடைய வாப்பாவின் பதில் அடுத்த நாள்தான் வந்தது. இசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "அந்தப் பெட்டியைப் பத்திச் சொன்னீங்களே மகள்..." என்று தொடங்கியிருந்தார். மிச்சம் அவர்கள் இருவருக்குமானது.

தமிழ்த் தினப் போட்டிக்காகவும் விழாக்களுக்காகவும் பிள்ளைகளின் கவிதைகளைப் பதியும் ஆசிரியர்களும் பெற்றோரும், இசையைத் தேடும் முன் அந்தப் பிள்ளையின் குரலை மட்டும் ஒரு தடவை போட்டுக் கேட்டுப் பாருங்கள்.