விளக்கு வேறு, விளக்கின் படம் வேறு

"அசல் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, விலை மலிவு, முன்பணம் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்க்க வழி இருக்கிறது. ஆனால் தேடுமுன், நமக்குத் தெரியவேண்டியது என்ன என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. "இது என்ன பொருள்?" என்பது ஒரு கேள்வி. "இது யார் எடுத்த படம்?" என்பது வேறு கேள்வி.

படத்தைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். கூகுள் செயலியில் தேடும் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கேமரா குறியைத் தொட்டு, அந்தப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். இதற்குக் கூகுள் லென்ஸ் என்று பெயர். படத்தின்மேல் ஒரு சட்டம் தெரியும். அதன் மூலைகளை விரலால் நகர்த்தலாம்.

விளக்கைச் சுற்றி வாழையிலை, பூச்சரம், கோலம், பின்னால் பட்டுப்புடவை என்று இருந்தால், அதற்கு எது பொருள் என்று புரியாது. பூஜை அலங்காரமும் புடவையுமாக வந்து நிற்கும். சட்டத்தை விளக்கின் அடி முதல் உச்சி அன்னம் வரை மட்டும் சுருக்கினால், குத்துவிளக்குகள் வரும். அன்னத்தை மட்டும் சுருக்கிப் பிடித்தால், பித்தளைப் பறவைகள் வரும். அளவாகச் சுருக்க வேண்டும்.

ஆனால் இரண்டாவது கேள்விக்கு இது பொருந்தாது. குத்துவிளக்குகள் ஒன்றுபோல ஒன்று இருக்கும். இது அதே படம்தான் என்று காட்டிக்கொடுப்பது பின்னால் உள்ள சுவரும் கோலமும்தான். ஆகவே இங்கே சட்டத்தை முழுப் படத்துக்கும் விரித்து, 'Exact matches' என்ற பகுதியைப் பாருங்கள். அதே கோலத்தோடு வேறொரு கடையின் பக்கத்தில் அந்தப் படம் இருந்தால், "இது உங்கள் கடைப் படமா?" என்று விற்பவரிடம் கேட்க நியாயம் கிடைத்துவிட்டது.

படத்தை எடுத்துப் போடுகிறவர் பின்னணியை வெட்டிவிட்டு, விளக்கின் நடுப்பகுதியை மட்டும் போட்டிருந்தால்? வெட்டிப்போனதை நாம் திரும்பக் கொண்டுவர முடியாது. தேடலில் ஒன்றும் சிக்காமல் போகலாம். இணையத்தில் ஏறாத படமும் சிக்காது. ஒன்றும் வரவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. அரசு அலுவலகத்தில் மூலத்தைப் பார்க்காமல் நகலில் 'உண்மை நகல்' முத்திரை குத்தமாட்டோம். இதுவும் அப்படித்தான்.

அந்த நிலையில் விற்பவரிடம் புதுப் படம் கேளுங்கள். இந்த விளக்கு திருகிக் கழற்றும் பாகங்களால் ஆனது. கழற்றிய பாகங்களை அன்றைய செய்தித்தாள்மேல் வைத்து ஒரு படம், தராசில் எடை தெரிய ஒரு படம். விளக்கு கையில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. சாக்குச் சொன்னால் முன்பணம் அனுப்பாதீர்கள். புதுப் படம் வந்தாலும் அது நாச்சியார்கோயில் வார்ப்புதானா என்பதைப் படம் சொல்லாது. அதற்குக் கும்பகோணம் பக்கம் போகும்போது பட்டறையிலேயே பார்த்து வாங்குவதுதான் சரி.