நூறு சதவீதம் என்று எழுதினால் அது இடர் ஆகாது

"ரிஸ்க்கும் இஷ்யூவும் ஒண்ணுதான் சார். ஒரே எக்செல் போதும். நடந்துட்டா பிராபபிலிட்டி கட்டத்துல நூறுன்னு மாத்திடுங்க, முடிஞ்சது."

இந்தப் பேச்சை நான் கட்டுமான சைட்டுகளிலும் கேட்டிருக்கிறேன், மென்பொருள் அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்லர். இரண்டு பதிவேடு வைத்தால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுத வேண்டும் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதுதான் என் கட்சி. இடர்ப் பதிவேட்டையும் சிக்கல் பதிவேட்டையும் ஒன்றாகக் கலந்தால் மிச்சமாவது ஒரு தாள். தொலைவதோ, கெடுதல் வருவதற்கு முன்னால் நம் கையில் இருக்கும் நாட்கள்.

நானே அகப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். சென்னையில் கடலோரப் பகுதி, மணல் மண். நான்கு மீட்டர் ஆழத்துக்குப் பேஸ்மென்ட் தோண்டிக்கொண்டிருந்தோம். ஜூலையில் தயாரித்த எக்செல் தாளில் பன்னிரண்டாவது வரி இப்படி இருந்தது: "மழை – ஹை – கவனிக்கவும்." பொறுப்பு என்ற கட்டத்தில் "டீம்" என்று இருந்தது. அதே தாளில் சிமென்ட் லோடு வராதது, பார் பெண்டிங் வரைபடம் வராதது, ஜே.சி.பி. பழுது என்று அன்றாடம் வந்து சேர்ந்தவை நாற்பது வரியைத் தாண்டிவிட்டன. வாராந்திரக் கூட்டத்தில் மேலேயிருந்து தொடங்குவோம். கத்துகிற விஷயத்துக்குத்தான் முதலில் நேரம் போகும். இன்னும் வராத மழைக்கு யாரும் வரவில்லை.

அக்டோபரில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது. காலையில் குழிக்குள் இடுப்பளவு தண்ணீர். அலுவலகத்தில் செய்த முதல் காரியம், பன்னிரண்டாவது வரியில் "ஹை" என்பதை 100 சதவீதம் ஆக்கியது. யார் பம்பு கொண்டுவருவது, எத்தனை மணிக்கு, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எங்கே என்பதற்கு அந்த வரியில் கட்டமே கிடையாது. வாடகைப் பம்பு எல்லாம் அன்றைக்கு ஊர் முழுக்கக் கிளம்பிவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் நாள்.

அந்த வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும்? இடர் என்பது ஒரு சொல் அல்ல, ஒரு வாக்கியம். காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் அதில் இருக்க வேண்டும். "அடித்தள ராஃப்ட் கான்கிரீட் செப்டம்பர் கடைசிக்குள் முடியாவிட்டால், வடகிழக்குப் பருவமழையில் திறந்த குழியில் தண்ணீர் தேங்கும், பத்து நாள் வேலை நிற்கும், கூலி, பம்பு, மறுவேலை எல்லாம் சேர்ந்து 4 லட்சம் ரூபாய் போகும்." இப்படி எழுதிய உடனே செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. மழையை யாராலும் நிறுத்த முடியாது. ராஃப்ட் வேலையை முன்னால் இழுக்கலாம். மூலையில் தண்ணீர் வடியும் குழி எடுத்து வைக்கலாம். இரண்டு பம்புக்கும் ஒரு ஜெனரேட்டருக்கும் முன்பணம் கொடுத்து நிறுத்தி வைக்கலாம்.

கணக்கும் அப்போதுதான் போட முடியும். நடக்க 50 சதவீத வாய்ப்பு, நடந்தால் 4 லட்சம் நஷ்டம் என்றால் அந்த இடரின் எடை 2 லட்சம். பம்பு தயாராக இருந்தால் நஷ்டம் 1 லட்சத்துக்கு இறங்கும், எடை 50 ஆயிரம். முன்பணத்துக்கு 40 ஆயிரம் செலவழித்தாலும் மொத்தம் 90 ஆயிரம்தான். 2 லட்சத்துக்கு எதிரில் 90 ஆயிரம் என்று காட்டினால் எந்த முதலாளியும் கையெழுத்துப் போடுவார். "மழை – ஹை" என்று காட்டினால் தலையாட்டுவார், பணம் தரமாட்டார். இந்தச் சதவீதங்கள் மதிப்பீடுதான், அளந்து எடுத்தவை அல்ல. ஆனாலும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு எதற்குப் பணம் போடுவது என்று முடிவெடுக்க அவை போதும். நடந்துபோனதற்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதற்கு வாய்ப்பு என்று ஒன்று மிச்சமில்லை. அதை 100 என்று எழுதி மற்ற இடர்களோடு வரிசைப்படுத்தினால், அது எப்போதும் மேலே உட்கார்ந்துகொண்டு, இன்னும் தடுக்கக்கூடியவற்றைக் கீழே தள்ளிவிடும்.

இடர்ப் பதிவேட்டில் நான் மிகவும் வற்புறுத்துவது முன்னறிகுறி என்ற கட்டம். "செப்டம்பர் 15 அன்று தோண்டல் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், அன்றே பம்புக்கு முன்பணம்." பக்கத்தில் ஓர் ஆளின் பெயர், "டீம்" அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து, அடுத்த ஒரு மாதத்தில் எந்த முன்னறிகுறித் தேதி வருகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். ராஃப்ட் போட்டு முடித்து, குழியைச் சுற்றிச் சுவர் எழும்பி, மண் நிரப்பிவிட்டால், அந்த இடர் வராமலே கடந்துபோனது என்று எழுதி மூட வேண்டும். காலம் கடந்த இடர்கள் மூடாமல் கிடந்தால் பதிவேட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

சிக்கல் பதிவேட்டின் போக்கே வேறு. அது தினமும் காலையில் திறக்க வேண்டியது. என்ன நடந்தது, எப்போது கண்டது, யார் சொன்னது, இப்போது யார் கையில், அடுத்த வேலை என்ன, எந்தத் தேதிக்குள். தேதி தவறினால் பழைய தேதியை அழித்துவிட்டுப் புதியதை எழுதக் கூடாது. பழையது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் புதியது வரட்டும். மூன்று தேதி தவறிய சிக்கல் யாரிடம் மேலே போகும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். இதில் வருகிறவை எல்லாம் இடராக இருந்து மாறியவையும் அல்ல. பிரிட்டனில் உருவான பிரின்ஸ்2 முறையில், மாற்றக் கோரிக்கை, விவரக்குறிப்புக்குப் பொருந்தாத பொருள், இவை தவிர்த்த பிற பிரச்சினை ஆகிய மூன்றையும் சிக்கலாகவே பதிவு செய்கிறார்கள். கட்டடச் சொந்தக்காரர் நடுவில் வந்து லிஃப்ட்டை இடம் மாற்றச் சொல்வது எந்த இடர்ப் பட்டியலிலும் இருந்திருக்காது. ஆனால் அன்றைக்கே சிக்கல் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இடர் நடந்துவிட்ட நாளில்தான் இரண்டு பதிவேடும் கைகோக்கின்றன. "இரட்டை வேலை" என்ற வாதமும் அங்கேதான் உடைகிறது. இடர் வரியை "நடந்துவிட்டது, சிக்கல் எண் 7 பார்க்க" என்று மூடுகிறோம். சிக்கல் வரியில் "இடர் எண் 12-இலிருந்து" என்று எழுதுகிறோம். முன்பே யோசித்து வைத்த மாற்று ஏற்பாடு, சிக்கலின் முதல் வேலையாக இறங்குகிறது. ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கள் சைட்டில் கேட்காமல் விட்டது அதைத்தான்: இந்தச் சிக்கலைத் தீர்க்கப்போய் புதிதாக என்ன இடர் பிறக்கிறது?

மூன்றாம் நாள் பம்பு வந்ததும் இரவு பகலாக ஓடவிட்டோம். மணல் மண்ணில் அப்படி இறைத்தால் தண்ணீரோடு நுண்மணலும் இழுபட்டு வரும். சுற்றியுள்ள நிலத்தடி நீரும் இறங்கும், பக்கத்து அஸ்திவாரத்துக்குக் கீழே மண் அமுங்கும். பம்பின் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்து, அடியில் மணல் படிகிறதா என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். காம்பவுண்டுச் சுவரில் இருந்த பழைய விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தால், சுவர் அசைந்ததும் அது உடைந்து காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டும் காசில்லாத முன்னறிகுறிகள். எங்கள் ஒற்றைத் தாளில் மழை வரி ஏற்கெனவே 100 சதவீதத்தோடு இருந்ததால், மழை சம்பந்தப்பட்டதெல்லாம் எழுதியாகிவிட்டது என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்றார். "தம்பி, சுவத்துல விரல் நுழையுது. கொஞ்சம் வந்து பாருங்க." அந்தச் சுவரை இடித்துக் கட்டிக் கொடுத்தோம். அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குப் பல நாள் ஆனது.

சின்ன வேலைக்கு இரண்டு எதற்கு என்று கேட்பார்கள். ஒரே கோப்பில் இரண்டு தாளாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். கட்டங்கள் வேறாக இருக்க வேண்டும், பார்க்கும் நேரமும் வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எது எங்கே போகும் என்று குழம்பினால், இது இன்றைக்கு நிஜமா என்று கேட்டால் போதும். கம்பி சப்ளை இரண்டு வாரம் தாமதம் என்பது இன்றைக்கு நிஜம், அது சிக்கல். அதனால் ராஃப்ட் அக்டோபருக்குத் தள்ளிப்போகலாம் என்பது இன்னும் வராதது, அது இடர். ஒரே கம்பி, இரண்டு வரி.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாலஞ்சர் விண்கலத்தின் ஆவணங்களே சாட்சி. அதன் திட எரிபொருள் ராக்கெட்டின் பாகங்கள் சேருமிடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் சூடான வாயுவை அடைத்து நிறுத்த வேண்டும். முந்தைய பயணங்களில் திரும்பி வந்த ராக்கெட்டுகளில் அந்த வளையங்கள் அரிக்கப்பட்டிருந்ததைப் பொறியாளர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதாவது நடந்துவிட்ட ஒன்று, சிக்கல். 1985 ஜூலையில் இதற்காக ஏவுவதற்கே ஒரு தடை போடப்பட்டது. அதன் பின் ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தத் தடை தள்ளுபடி செய்யப்பட்டது. கண்ணெதிரே இருந்த பழுதை, ஏற்றுக்கொள்ளக்கூடிய இடர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

1985 டிசம்பரில் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்திலிருந்து, இந்தப் பிரச்சினையைக் கண்காணிப்புப் பட்டியலில் மூடிவிடும்படி நாசாவுக்கு எழுதினார்கள். முழுத் தீர்வுக்கு இன்னும் காலம் ஆகும் என்று அதே கடிதம் சொன்னது. சோதனைத் திட்டம் இருக்கிறது, குழு வேலை செய்கிறது என்பவை காரணங்களில் அடக்கம். ஒரு திட்டம் இருப்பது இடரை ஏற்றுக்கொள்ளக் காரணமாகலாம். சிக்கலை மூட அது காரணமே ஆகாது. பழுது சரியாகிவிட்டது என்று, அதை முதலில் கண்டு சொன்னவர் சரிபார்த்த பிறகுதான் சிக்கல் மூடப்பட வேண்டும்.

1986 ஜனவரி 23 அன்று அந்தப் பட்டியலில் ஓ-ரிங் பிரச்சினை மூடப்பட்டதாகப் பதிவானது. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 28 காலை, ஏவிய 73 விநாடிகளில் சாலஞ்சர் சிதறியது. உள்ளே ஏழு பேர் இருந்தார்கள்.