மூடி மூடாத இயர்பட்ஸ் டப்பாவை அமத்தி மூடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் இயர்பட்ஸோ புளூடூத் ஸ்பீக்கரோ இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

வகுப்புக்கு இயர்பட்ஸ் கொண்டுவரும் பிள்ளைகளிடம் அதை வாங்கி லாச்சியில் பூட்டி வைப்பது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம். தவணை முடிய பெற்றோர் வந்து கையெழுத்து வைத்து எடுத்துப் போவார்கள். அப்படித் திருப்பிக் கொடுத்த ஒரு டப்பா, இரண்டு கிழமையில் மறுபடி எங்கள் மேசைக்கு வந்தது. சுற்றிவர இரண்டு றப்பர் பாண்ட். "மூடி லூசாப் போச்சு சேர், அமத்திக் கட்டினா நிக்கும்" என்றான் பொடியன்.

றப்பர் பாண்டைக் கழற்றிவிட்டு டப்பாவைக் கண்ணாடி மேசையில் வைத்தோம். தட்டையாக இருக்கவேண்டிய அடிப்பக்கம் தொட்டில் மாதிரி ஆடியது. பக்கத்துப் பொருத்து நகம் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. மூடியில் ஒரு பிழையும் இல்லை. உள்ளே இருந்த பற்றரி வீங்கி, பிளாஸ்டிக்கை வெளியே தள்ளியிருந்தது.

இந்த டப்பாக்களுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன லித்தியம் பற்றரி. அதற்கு இரும்புக் கூடு கிடையாது. பால்மா பக்கற் போல ஒரு அலுமினியப் பைக்குள் மெல்லிய தகடுகளையும் ஒரு திரவத்தையும் அடைத்து ஒட்டியிருப்பார்கள். பற்றரி பழுதாகும்போது அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. வெளியேற வழியில்லாததால் பை ஊதுகிறது. அந்த வாயுவில் தீப்பிடிக்கக் கூடியவையும் இருக்கின்றன. தகடுகளுக்கு இடையில் உள்ள மிக மெல்லிய தாளொன்றுதான் அவை ஒன்றையொன்று தொடாமல் காக்கிறது. வீங்கிய பையை அமத்தினாலோ குத்தினாலோ அந்தத் தாள் கிழிந்து, தகடுகள் முட்டி, சில விநாடிகளில் நெருப்பு வரலாம். அந்த றப்பர் பாண்ட் செய்துகொண்டிருந்தது அந்த அமத்தலைத்தான்.

அது ஏன் வீங்கியது? இங்கே எங்கள் பங்கும் இருக்கிறது. ஒரு தவணை என்றால் ஏறக்குறைய மூன்று மாதம். சும்மா இருக்கும்போதும் டப்பா தன் சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். முழுக்க ஏற்றிய பற்றரியில் 4.2 வோல்ட் இருக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே போகவிடுவது நல்லதல்ல. இன்னும் இறங்கி நெடுநாள் கிடந்தால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் போடும்போது அந்தச் செப்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆக்கும், வாயுவும் உண்டாகும். தரமான டப்பாவில் இதைத் தடுக்கும் சின்னச் சுற்று ஒன்று இருக்கும். மலிவானவற்றில் அதை நம்ப முடியாது.

மிச்சப் பங்கு வெயிலுடையது. பொடியன் டப்பாவை முழுக்க சார்ஜ் ஏற்றி மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு அடியில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். நிறைந்த சார்ஜும் கூடின சூடும் சேர்ந்தால் அந்தத் திரவம் வேகமாகச் சிதையும். தகரக் கூரைக்குக் கீழே, யன்னல் ஓரத்தில், தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவதும் இதே கணக்குத்தான்.

"பெரிய கொம்பனிச் சாமான் என்றால் பயமில்லை" என்பவர்களுக்கு ஒன்று. 2015 ஜூனில் அப்பிள் நிறுவனம் தனது பீட்ஸ் பில் எக்ஸ்எல் ஸ்பீக்கர்களைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 222,000 ஸ்பீக்கர்கள். பற்றரி சூடேறியதாக வந்த முறைப்பாடுகள் எட்டுத்தான். அதில் ஒருவருக்கு விரல் சுட்டிருந்தது. எட்டு முறைப்பாட்டுக்கே அவ்வளவையும் திரும்ப எடுத்தார்கள். பெயர் தெரியாத டப்பாவை இங்கே வாங்கினால் அப்படித் திருப்பி அழைக்க யாரும் இல்லை. கவனிக்க வேண்டியது நாங்கள்தான்.

வீட்டில் பார்ப்பது எளிது. டப்பாவைத் தட்டையான மேசையில் வைத்து விரலால் மெல்லச் சுழற்றுங்கள். பம்பரம் போலச் சுற்றினாலோ ஆடினாலோ சந்தேகப்படுங்கள். மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்பது, பொருத்து விரிவது, ஸ்பீக்கரின் றப்பர் அடி புடைத்து வருவது எல்லாம் அடையாளங்கள். நெயில் பொலிஷ் அழிக்கும் திரவம் போல இனிப்பான மணம் வந்தால் பை கசிகிறது என்று அர்த்தம். பெரிய ஸ்பீக்கர்கள் சிலவற்றில் உருளை வடிவ இரும்புக்கூட்டுப் பற்றரி இருக்கும். அது வீங்கிக் காட்டாது. அங்கே அளவுக்கு மீறிய சூட்டையும் மணத்தையும்தான் கவனிக்க வேண்டும்.

வீங்கியது தெரிந்தால் அதற்குப் பிறகு சார்ஜ் போடவே கூடாது. சார்ஜில் இருந்தால் முதலில் சுவர் சுவிட்சை நிறுத்துங்கள். இயர்பட்ஸ் இலகுவாக வந்தால் எடுங்கள், இறுகி நின்றால் நெம்ப வேண்டாம். ஒரு மண்சட்டியிலோ பழைய தகர டின்னிலோ காய்ந்த மணல் போட்டு, டப்பாவை அதில் வைத்து, மேலேயும் மணல் தூவுங்கள். இறுக்கி மூடாதீர்கள். வாயு போக வழி வேண்டும். சட்டியை வீட்டுக்கு வெளியே, மழையும் வெயிலும் படாத இடத்தில், காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் தூரமாக வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் வேலைக்காகாது. ஊசியால் குத்திக் காற்றெடுக்கும் வீடியோக்களை நம்பவே வேண்டாம். பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பித் திருத்தும் யோசனையும் வேண்டாம்.

புகை வந்தால் அந்தப் புகையைச் சுவாசிக்காமல் பிள்ளைகளை வெளியே எடுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூர நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் நெருப்பைப் பரவாமல் வைக்கும், ஆனால் பற்றரியைக் குளிர வைப்பது தண்ணீர்தான். 2017 பெப்ரவரியில் பெய்ஜிங்கிலிருந்து மெல்பேர்ன் போன விமானத்தில் ஒரு பெண் நித்திரையில் இருக்கும்போது காதில் மாட்டியிருந்த ஹெட்போன் தீப்பிடித்தது. அவர் கழற்றி நிலத்தில் எறிய, பணியாளர்கள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித்தான் அணைத்தார்கள். கசிந்த திரவம் கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியில் இதை எங்கே போடுவது? குப்பைப் பையில் போட்டால் ஏற்றும்போது நசுங்கும். குப்பையோடு எரித்தால் வெடிக்கும். வளவில் புதைப்பதும் சரியில்லை. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகும் என்பதை மின்நிலையக் கழிவெண்ணெய் விவகாரத்தில் சுன்னாகம் பட்டுத் தெரிந்துகொண்டது. உச்ச நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்ன பிறகும் அந்த அனுபவம் மறக்கவில்லை. ஒரு சின்னப் பற்றரி அந்த எண்ணெய்க்கு ஈடாகாது, ஆனால் புதைக்கும் பழக்கம் ஒன்றுதான்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். இயர்பட்ஸ் விற்கும் கடைகள் வாசலில் ஒரு மணல் வாளி வைத்து வீங்கியவற்றைத் திரும்ப வாங்க வேண்டும். வலிகாமம் தெற்கு பிரதேச சபை அவற்றைச் சேர்த்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க ஒரு நாளை ஒதுக்க வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்களும் மாற வேண்டும். வகுப்பில் இயர்பட்ஸை வாங்கி வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. தவணை முழுக்கப் பூட்டி வைக்காமல் அதே கிழமையில் பெற்றோரை அழைத்துக் கொடுப்போம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அந்தப் பொடியனின் டப்பா மணல் சட்டியில், தாழ்வாரத்தில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஒரு இடம் வரும்வரை அங்கேயேதான் இருக்கும்.

இன்றிரவு உங்கள் வீட்டு டப்பாவை ஒருமுறை மேசையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள்.