எச்சிலைச் சோதித்தால் உயரம் தெரிந்துவிடுமா?

குழாயில் கொஞ்சம் எச்சிலைத் துப்பி அனுப்பினால், பிள்ளை எவ்வளவு உயரம் வளரும் என்று டி.என்.ஏ. சொல்லிவிடும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமே வேரூன்றிவிட்டது. மனிதர்கள் எல்லோருக்கும் மரபணுக்கள் ஒன்றுதானே, லண்டனில் பலித்த கணக்கு லிமாவில் பலிக்காதா என்பது அவர்கள் வாதம்.

அவ்வளவாகப் பலிக்காது. ஏன் என்பது அந்தக் கணக்கைப் போடும் விதத்திலேயே இருக்கிறது.

லட்சக்கணக்கானவர்களின் உயரத்தை அளக்கிறார்கள். அவர்கள் டி.என்.ஏ.யில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறும் இடங்களைப் பார்க்கிறார்கள். எந்த எழுத்து உள்ளவர் சராசரியாக எவ்வளவு கூடுதல் உயரம் என்று இடத்துக்கு இடம் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பிறகு யாருடைய எழுத்துகளையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கூட்டிவிடலாம். ஆனால் மதிப்பெண் பெற்ற எழுத்துதான் உயரத்தைக் கூட்டுகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உண்மையான காரணம் பக்கத்தில் இருக்கும் வேறோர் எழுத்தாக இருக்கலாம். இரண்டும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே வருவதால் ஒன்று மற்றதற்கு அடையாளமாகிறது. கோயிலை ஒட்டிய வீடு என்று வழி சொல்வது போலத்தான். வேற்றூரில் கோயிலை ஒட்டி வேறு வீடு இருக்கும். எந்த எழுத்து எதனோடு சேர்ந்து வரும் என்பதும், எவ்வளவு பரவலாக இருக்கும் என்பதும் மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகின்றன.

உயரத்துக்கான மிகப் பெரிய ஆய்வு 2022-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 54 லட்சம் பேரைப் பார்த்து 12,111 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஆராயப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். தெற்காசியர் ஏறத்தாழ 78,000 பேர்தான். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஆளுக்கு ஆள் உள்ள உயர வேறுபாட்டில் 40 சதவீதத்தை அந்த இடங்கள் விளக்கின. மற்றவர்களிடம் சுமார் 10 முதல் 20 சதவீதம் மட்டுமே.

இதைச் சென்டிமீட்டரில் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஒரு நாட்டு ஆண்களின் உயரம் சராசரியிலிருந்து 6.5 செ.மீ. திட்ட விலக்கத்தில் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனையே இல்லாமல் எல்லோருக்கும் சராசரியைச் சொன்னால் வரும் பிழை அந்த 6.5. வேறுபாட்டில் 40 சதவீதத்தை விளக்கும் மதிப்பெண் அதை 5 செ.மீ. ஆக்குகிறது. 10 சதவீதம் விளக்கும் மதிப்பெண்ணோ 6.2 வரைதான் இறக்கும். காசு கொடுத்து வாங்கியது 3 மில்லிமீட்டர்!

பட்டியலிலேயே இல்லாத எழுத்துகளின் கதை இன்னும் மோசம். பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் 3,134 பேரை ஆராய்ந்த குழு ஒன்று, எஃப்.பி.என்.1 என்ற மரபணுவில் ஒற்றை எழுத்து மாற்றத்தை 2020-இல் அறிவித்தது. இது திசுக்களுக்கு உறுதி தரும் ஃபைப்ரில்லின் புரதத்துக்கான மரபணு. இது பழுதானால்தான் கைகால்கள் அளவுக்கு மீறி நீளும் மார்ஃபான் நோய்க்குறி வருகிறது. லிமாவில் கண்ட மாற்றமோ உயரத்தைக் குறைக்கிறது: ஒரு பிரதிக்கு 2.2 செ.மீ., தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் 4.4 செ.மீ. பரவலாகக் காணப்படும் ஓர் எழுத்துக்கு இவ்வளவு பெரிய விளைவு அபூர்வம். பெருவில் நூற்றுக்கு நான்கு பிரதிகள் என்ற அளவில் உள்ள இது ஐரோப்பியர்களிடம் இல்லை என்றே சொல்லலாம். ஐரோப்பாவில் எத்தனை லட்சம் பேரை அளந்தாலும் இது கண்ணில் படாது.

இரு நாட்டு மக்களின் சராசரியை இந்த மதிப்பெண்ணால் ஒப்பிடுவது அபத்தத்தில் முடியும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு அப்படிப் போட்டுப் பார்த்தது. ஐரோப்பியர்களுக்கு இணையான உயரமுள்ள மேற்கு ஆப்பிரிக்கர்கள் அவர்களைவிடக் குள்ளமானவர்களாக இருக்க வேண்டும் என்றது கணக்கு. ஐரோப்பாவுக்குள்ளேயே வடக்கத்தியரும் தெற்கத்தியரும் உயரத்தில் மரபணு ரீதியாக வேறுபடுகிறார்கள் என்று அடித்துச் சொன்ன முடிவுகளும், பெரும்பகுதி புள்ளிவிவரப் பிசகால் ஊதிப்போனவை என்று 2019-இல் இரண்டு குழுக்கள் காட்டின.

அப்படியானால் ஒவ்வோர் இனத்துக்கும் உயர மரபணு தனித்தனி என்று சிலர் உடனே தாவுவார்கள். அதுவும் தவறு. உயரத்தோடு தொடர்புள்ள பகுதிகள் பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவானவை என்பதையும் அதே 2022 ஆய்வுதான் காட்டியது.

பிள்ளையின் உயரத்தைக் கணிக்கக் குழந்தை மருத்துவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, ஆண் குழந்தையென்றால் 13 சேர்த்து, பெண்ணென்றால் 13 கழித்து, பாதியாக்குவது. அப்பா 170, அம்மா 156 செ.மீ. என்றால் மகனுக்கு 169.5. இதிலும் இரு பக்கமும் எட்டு ஒன்பது செ.மீ. விலகலாம். ஆனாலும் லிமாவில் உயரத்தைக் குறைக்கும் அந்த எழுத்தோடு பிறந்த தாய்க்கு இதில் அநியாயம் நடப்பதில்லை. அது குறைத்த சென்டிமீட்டர்கள் அவள் அளவிலேயே கழிந்துதான் கணக்குக்குள் வருகின்றன.