மாறும் வட்டியா, நிலையான வட்டியா?

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் பாங்கில் கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் சில வருஷங்களாகவே ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "எங்கள் வட்டி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறதே, நிலையான வட்டிக்கு மாறிவிட்டால் நிம்மதியல்லவா?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அநேகர் விடை காணும் முறை சரியன்று. இன்றைய மாதத் தவணையையும் பாங்கு சொல்லும் புதிய தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, குறைந்ததே நல்லது என்று முடித்துவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது இன்றைய தவணைகளை அன்று; மீதிக் காலம் முழுவதையும் ஆகும்.

முதலில் மாறும் வட்டி எவ்வாறு மாறுகிறது என்று பார்ப்போம். 2019 அக்டோபர் முதல் பாங்குகள் மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடன்களுக்கு, வெளியிலுள்ள ஓர் அளவுகோலை ஆதாரமாகக் கொள்ள வேண்டுமென்று ரிஸர்வ் பாங்கு உத்தரவிட்டது. பெரும்பாலும் அந்த அளவுகோல் ரிஸர்வ் பாங்கின் ரெப்போ விகிதமே. அதன்மேல் பாங்கு தன் பங்காக ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்கிறது. மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் வட்டியைத் திருத்தியாக வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் நாற்பது வயதுள்ள ஒருவர் 2022 ஜனவரியில் ரூ. 30 லட்சம் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ரெப்போ 4. பாங்கின் பங்கு 2.75, ஆக வட்டி நூற்றுக்கு 6.75. இருபது வருஷக் கணக்கில் மாதத் தவணை ரூ. 22,811. அறுபதாவது வயதில் கடன் தீர்ந்துவிடும். அந்த வருஷம் மே மாதத்திலிருந்து ரெப்போ படிப்படியாக ஏறி, 2023 பிப்ரவரியில் 6.50 ஆயிற்று. நமது நண்பரின் வட்டி 2023 ஏப்ரலில் 9.25 ஆகியது.

அவர் தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே வந்திருந்தால் என்ன ஆகும்? அந்த ஏப்ரலில் அசல் பாக்கி சுமார் ரூ. 29,45,000. அதற்கு ஒரு மாத வட்டியே ரூ. 22,703. தவணையில் அசலுக்குச் சேர்வது ரூ. 108 மட்டுமே! இவ்வாறே கட்டி வந்தால் கடன் தீர இன்னும் சுமார் 58 வருஷம் ஆகும். சதாபிஷேகமும் கடந்து, தொண்ணூற்றொன்பதாம் வயதில்தான் வீடு அவருடையதாகும். தவணை ஏறவில்லை என்று மகிழ்ந்திருப்பவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். தவணை அசையாதிருந்தாலும் அசல் குறைகிறதா என்பதைப் பாங்கு தரும் கணக்குச் சீட்டில் மாதந்தோறும் கவனிக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் ரிஸர்வ் பாங்கு இதற்கு ஒரு வரம்பு கட்டியது. வட்டி ஏறினால் தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சிறிது சிறிது செய்வதா என்று கடன்காரரே தேர்ந்தெடுக்கலாம்; கால நீட்டிப்பினால் அசல் வளர்ந்துவிடக் கூடாது. நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் தர வேண்டும் என்றது. ஆனால் 2025 அக்டோபர் முதல், அந்த வாய்ப்பைத் தருவதும் தராததும் பாங்கின் விருப்பம் என்று ஆகிவிட்டது. ஆகையால் முதலில் கேட்க வேண்டியது, அந்த வசதி நம் பாங்கில் உண்டா என்பதே.

நமது நண்பர் காலத்தை நீட்டாமல் தவணையை ரூ. 27,609 ஆக உயர்த்திக் கட்டி வந்தார் என்று கொள்வோம். 2025-ல் ரெப்போ நான்கு முறை இறங்கி, டிசம்பரில் 5.25 ஆயிற்று. 2026 ஜனவரியில் அவர் வட்டி 8. பாக்கி சுமார் ரூ. 27,45,750; மீதிக் காலம் 16 வருஷம். புதிய தவணை ரூ. 25,396 ஆகிறது. இந்நிலையில் பாங்கு, மீதிக் காலம் முழுவதற்கும் 9.25 சதவிகித நிலையான வட்டி தருவதாகச் சொன்னால் தவணை ரூ. 27,449. மாதத்திற்கு ரூ. 2,053 அதிகம். இந்த அதிகத் தொகையை, வட்டி ஏறாமல் காக்கும் இன்ஷூரன்ஸ் பிரிமியம் என்றே கருத வேண்டும். பிரிமியம் தகுமா என்பதே கேள்வி.

இதை அறிய ஒரு நேரிய வழி உண்டு. இரு கடன்களுக்கும் ஒரே தவணை, அதாவது ரூ. 27,449 கட்டுவதாகக் கணக்கிடுங்கள். மாறும் வட்டியில் மிஞ்சும் ரூ. 2,053 அசலில் கழிந்துவரும். தனிமனிதர் மாறும் வட்டியில் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது என்பதால் இதற்குத் தடையில்லை. மூன்று வருஷம் வட்டி 8-லேயே நின்றால், மாறும் வட்டிக் கடனின் பாக்கி சுமார் ரூ. 23,75,000, நிலையான வட்டிக் கடனின் பாக்கி சுமார் ரூ. 24,86,000. ஏறத்தாழ ரூ. 1,11,000 முன்னேற்றம்.

அதன் பிறகு வட்டி ஏறினால்? மீதி 13 வருஷமும் சராசரியாக 10.13-க்கு மேல் இருந்தால்தான் நிலையான வட்டி வெல்லும். ரெப்போ 7.38-க்கு மேல் நெடுங்காலம் நிற்க வேண்டும் என்று பொருள். அது நடவாதது அன்று. 2014-ல் ரெப்போ 8 ஆக இருந்ததுண்டு. ஆனால் பதின்மூன்று வருஷம் அவ்வாறே நீடிப்பது வேறு விஷயம். மாறாக, ஒரே வருஷத்தில் வட்டி ஏறிவிட்டால் 9.5-ஐத் தாண்டினாலே நிலையான வட்டிக்கு வெற்றி. பாக்கி பெரிதாக இருக்கும்போது ஏறும் வட்டியே கடுமையாக வருத்தும். கடைசி வருஷங்களில் ஏறினால் அதிகம் உறைக்காது. கடனின் ஆரம்பத்தில் இருப்பவருக்கு இந்த இன்ஷூரன்ஸ் அதிகப் பயன் தருவதும், முடிவை நெருங்கியவருக்கு அநேகமாக வீண் செலவாவதும் இதனாலேயே.

இக்கணக்குக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நிலையான வட்டி என்று சொல்லப்படுவது சில இடங்களில் முதல் இரண்டு மூன்று வருஷங்களுக்கு மட்டுமே நிலையானது; ஒப்பந்தத்தில் திருத்தும் ஷரத்து இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். மாறுவதற்கான கட்டணத்தையும், நிலையான வட்டிக் கடனை முன்கூட்டித் தீர்த்தால் அபராதம் உண்டா என்பதையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். நூற்றுக்கு அரை ரூபாய்க் கட்டணம் என்றாலும் நமது நண்பருக்கு அது சுமார் ரூ. 13,700.

மிஞ்சும் பணத்தை அசலில் கட்டுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுச் செலவில் கரைப்பவருக்கு மேற்சொன்ன முன்னேற்றம் கிடைக்காது. ஒரே சம்பளத்தில் நடக்கும் குடும்பத்தில், தவணை மறுபடி ரூ. 27,000-ஐத் தாண்டினால் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் தடைப்படும் என்ற நிலை இருந்தால், கணக்கில் சற்றே நஷ்டமானாலும் நிலையான வட்டியே தகும். அத்தொகையை இப்போதே தாங்க முடிந்தவர், அதையே தொடர்ந்து கட்டி மாறும் வட்டியில் இருக்கலாம். வட்டி 8-லேயே நின்றால், பழைய ரூ. 27,609-ஐக் கட்டும் நமது நண்பருக்குக் கடன் 28 மாதம் முன்னதாகவே தீர்ந்துவிடும்.