சூடில்லை என்றால் குளிர்ச்சி என்று அர்த்தமா?

பள்ளிக்கூடத்துப் பயிற்சி ஏடுகளில் ‘எதிர்ச்சொல் எழுதுக’ என்று ஒரு கேள்வி எந்தக் காலத்திலும் உண்டு. இடது பக்கம் உயிர், சூடு, இரட்டை, நல்லவன். வலது பக்கம் சாவு, குளிர்ச்சி, ஒற்றை, கெட்டவன். பிள்ளை எழுதுகிறது, ஆசிரியர் சரி போடுகிறார். இந்த நான்கையும் ஒரே பட்டியலில் வைப்பதே தவறு என்பது என் அபிப்பிராயம். இவற்றில் இரண்டு ஜோடி ஒரு ஜாதி, மற்ற இரண்டு வேறு ஜாதி. அந்த வித்தியாசம் தெரியாமல் வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் கோப்பு எழுதும்போதும் மனிதர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போதும் தடுமாறுகிறார்கள்.

முதல் ஜாதிக்கு நம் போன்ற பென்ஷன்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் லைஃப் சர்டிபிகேட். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர்களும் ‘சர்த்திஃபிகா தெ வி’ என்று அதையேதான் வருஷா வருஷம் அனுப்புகிறார்கள். அந்தத் தாளில் ஒரே கேள்விதான்: ஆள் இருக்கிறாரா, இல்லையா? ‘ஓரளவு இருக்கிறார்’ என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. உயிரோடு இல்லை என்றால் இறந்துவிட்டார், இறக்கவில்லை என்றால் உயிரோடு இருக்கிறார். ஒன்றை மறுத்த உடனே மற்றது தானாக வந்துவிடுகிறது. இரட்டைப்படை, ஒற்றைப்படை எண்களும் அப்படித்தான். 7 இரட்டைப்படை இல்லை என்றால் அது ஒற்றைப்படை. நடுவில் நிற்க இடமே கிடையாது.

சூடும் குளிர்ச்சியும் இந்த ஜாதி அல்ல. அவை ஒரு நீண்ட ஏணியின் இரண்டு முனைகள். நடுவில் எத்தனை படிகள் என்பதை நம் மொழியே சொல்லும். கொதிக்கிறது, சுடுகிறது, இளஞ்சூடு, வெதுவெதுப்பு, ஆறிவிட்டது, குளிர்ந்திருக்கிறது, சில்லென்று இருக்கிறது. காய்ச்சாத குழாய்த் தண்ணீரைப் ‘பச்சைத் தண்ணீர்’ என்கிறோமே, அது சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்ற நடு இடத்துக்கே நாம் வைத்த பெயர்.

தயிருக்கு உறை ஊற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சிய பாலில் உடனே மோரை விட்டால் அந்தச் சூட்டில் தயிராக்கும் கிருமிகள் செத்துவிடும், பால் உறையாது. அதனால் புதிதாகச் சமைக்க வந்த பெண்ணிடம் வீட்டுப் பெரியவர், “பால் சூடா இருக்கக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவள் பாலை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, அதில் உறை ஊற்றுகிறாள். மறுநாள் காலையில் அது சரியாக உறையாமல் இருக்கலாம். சொன்னதை மீறினாளா? இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் வரும் பாலும் ‘சூடாக இல்லாத’ பால்தான். வேண்டியது ஏறக்குறைய 40 டிகிரி, அதாவது விரல் விட்டால் பொறுக்கும் வெதுவெதுப்பு. ‘சூடாக இல்லை’ என்ற சொல் ஏணியின் உச்சிப் படிகளை மட்டும்தான் நீக்குகிறது. மிச்சமுள்ள படிகளில் எது என்று அது சொல்லவில்லை. கேட்டவள் கடைசிப் படிக்கே இறங்கிவிட்டாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே 40 டிகிரி காபியில் இருந்தால் “ஆறிப்போச்சு” என்று டம்ளரை நகர்த்திவிடுவோம். அதே 40 டிகிரி சித்திரை மாத வெயிலில் இருந்தால் “என்ன சூடு!” என்கிறோம். சூடு என்ற சொல்லின் அளவுகோல் பொருளுக்குப் பொருள் நகர்கிறது. உயிர், சாவுக்கு இந்த நகர்தல் கிடையாது.

இரண்டு ஜாதியையும் பிரித்தறிய இலக்கணப் புத்தகம் தேவையில்லை, இரண்டு கேள்வி போதும். ‘ரொம்ப’, ‘கொஞ்சம்’, ‘அதைவிட’ என்று முன்னால் சேர்த்தால் பொருந்துகிறதா? ரொம்பச் சூடு சரி. ரொம்ப ஒற்றைப்படை என்றால் சிரிப்பு வரும். அடுத்து, ‘இதுவும் இல்லை, அதுவும் இல்லை’ என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது ஏணி ஜாதி. ‘அரை உயிராகக் கிடக்கிறார்’ என்கிறோமே என்று கேட்பீர்கள். அது பேச்சு அலங்காரம். அவருக்கும் லைஃப் சர்டிபிகேட் முழுதாகத்தான் கிடைக்கும்.

இது மேல்நாட்டான் கண்டுபிடித்தது மட்டும் அல்ல. அரிஸ்டாட்டில் இடைநிலை உள்ள எதிர்களையும் இடைநிலை இல்லாத எதிர்களையும் பிரித்துச் சொன்னார் என்பது உண்மை. பிரெஞ்சில் படித்த எங்களுக்கு ‘கோந்த்ரேர்’ வேறு, ‘கோந்த்ரதிக்துவார்’ வேறு என்று பாடம் உண்டு. ஆனால் நம் இலக்கணக்காரர்களும் எதிர்மறைக்குப் பொருள் சொல்லும்போது இன்மை, அன்மை, மறுதலை என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று இல்லாதிருப்பது இன்மை. அது அல்லாத வேறொன்றாக இருப்பது அன்மை. அதற்கு நேர் எதிராக நிற்பது மறுதலை. சூடாக இல்லாதது அன்மை, குளிர்ச்சி மறுதலை. இவ்வளவு அழகான சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ‘எதிர்ச்சொல்’ என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறோம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நான் வேலை பார்த்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் ஊழியர் ஒருவரைப் பற்றி மேலதிகாரி ‘பணி சிறப்பாக இல்லை’ என்று எழுதினார். சுமாராக வேலை செய்பவர் என்பது அவர் கருத்து. அது சுருக்கக் குறிப்பாகி அடுத்த மேசைக்குப் போனபோது ‘பணி மோசம்’ என்று ஆனது. அதற்கும் மேலே போனவர்கள் மூலத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போயிற்று. எழுதியவர் யாரும் பொய் சொல்லவில்லை. அன்மையை மறுதலையாக மாற்றி எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

வாய்ப்பேச்சில் இந்தத் தாவல் சகஜம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குளிர் நாளில் பிரெஞ்சுக்காரர் ‘இல் நெ ஃபே பா ஷோ’ என்பார். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் சூடாக இல்லை என்பதுதான், ஆனால் நன்றாகவே குளிர்கிறது என்று அர்த்தம். நாமும் ‘குழம்பு நல்லா இல்லை’ என்றால் மோசம் என்றுதான் சொல்கிறோம். முகத்தையும் குரலையும் பார்த்து எந்தப் படி என்று கேட்பவர் கண்டுகொள்வார். தாளில் முகமும் இல்லை, குரலும் இல்லை. அதனால் எழுத்தில் ‘சிறப்பாக இல்லை’ என்று நிறுத்தாமல் ‘சிறப்பாக இல்லை, சுமார்’ என்று படியையும் சேர்த்து எழுத வேண்டும். படிக்கிறவரும் எழுதாத படியைத் தானாக நிரப்பக் கூடாது.

நல்லவன், கெட்டவன் விஷயத்தில்தான் இது அதிகம் வலிக்கிறது. “அவர் அப்படி ஒன்றும் உதவி செய்யும் ஆள் இல்லை” என்று ஒருவர் சொன்னது தெருமுனைக்குப் போவதற்குள் “உபத்திரவம் செய்யும் ஆள்” ஆகிவிடுகிறது. உதவி செய்யாதவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் உபத்திரவமும் செய்யாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். உறவுகளில் எத்தனை பேச்சுவார்த்தை இப்படி முறிந்திருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆசிரியர்கள் அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாலே போதும். ஒன்றில் நடு இடம் இல்லாத ஜோடிகள், மற்றதில் நடு இடம் உள்ளவை. இரண்டாவது பட்டியலில் எதிர்ச்சொல்லோடு நடுப்படி ஒன்றையும் பிள்ளையை எழுதச் சொல்லட்டும். சூடு, வெதுவெதுப்பு, குளிர்ச்சி. ஒரு சொல் கூடுதலாக எழுதப் பிள்ளைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.